எயார்லைன் பிளைட் நேரத்தை மாத்தினா: ட்ரான்சிட் அறுந்திருக்கா எண்டு பாத்து, புது நேரத்தை ஏற்கிறதா விடுறதா எண்டு முடிவெடுக்கிற முழு வழி

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்திலை இருந்து பிள்ளையளிட்டைப் போற அம்மா அப்பாமாருக்குத்தான் இதை எழுதுறன், அவையின்ரை டிக்கெட்டைப் பாக்கிற ஆக்களுக்கும். கன பேர் தடுக்குப்படுற இடம் ஒண்டுதான். மெயில் வரும், மாறின ஒரு பிளைட்டை மட்டும் அது பெரிசாக் காட்டும், "ஒண்டரை மணித்தியாலம்தானே பிந்துது" எண்டு போட்டு அக்செப்ட்டை அமத்திவிடுவினம். அதுக்குப் பிறகு இடையிலை ஏற வேண்டிய மற்றப் பிளைட் இவை இறங்க முன்னமே வெளிக்கிட்டிடும் எண்டதை, கட்டுநாயக்காவிலை செக்கின் கவுண்டரிலை நிக்கேக்கைதான் காணுவினம்.

அதாலை கீழை இருக்கிற ஒழுங்கை மாத்தாதேங்கோ. அக்செப்ட் கடைசிப் படியிலைதான் வருது.

1. மெயில் ஆருக்குப் போகுது எண்டு முதல் பாருங்கோ

டிக்கெட் எடுக்கேக்கை ஆற்றை மெயிலையும் போனையும் குடுத்தவையோ அவைக்குத்தான் அறிவித்தல் போகும். பிரான்ஸிலை இருக்கிற மகன் எடுத்தா அவருக்கு, வவுனியா ஏஜென்சியிலை எடுத்தா ஏஜென்சிக்கு. ஏஜென்சிக்காரர் தன்ரை மெயிலைத்தான் போட்டிருப்பார், அவருக்கு ஒரு நாளைக்கு எத்தினை மெயில் வருமோ ஆருக்குத் தெரியும். அம்மான்ரை போனுக்கு ஒண்டும் வராது.

எண்டபடியா மெயில் வருமெண்டு பாத்துக்கொண்டு இருக்காமல் நீங்களாப் போய்ப் பாக்கோணும். எயார்லைன்ரை சைட்டிலை Manage Booking எண்ட இடத்திலை ஆறு எழுத்து புக்கிங் நம்பரும் பாஸ்போட்டிலை இருக்கிற Surname-உம் குடுத்தாத் திறக்கும். எங்கடை ஆக்களின்ரை பேரிலை இதிலை ஒரு சிக்கல் இருக்கு, தேப்பன்ரை பேர் எந்தப் பக்கம் போச்சுது எண்டு டிக்கெட்டுக்கு டிக்கெட் மாறும், ஒரு பேருக்குத் திறக்காட்டி மற்றப் பேரைப் போட்டுப் பாருங்கோ. அதுக்கும் திறக்காட்டி ஏஜென்சி தந்தது தங்கடை சிஸ்டத்து நம்பராயிருக்கும், எயார்லைன்ரை நம்பர் வேறையா இருக்கும், "எயார்லைன் நம்பரைத் தாங்கோ" எண்டு கேளுங்கோ.

எப்ப பாக்கிறது? மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்ரோபர் கடைசி ஞாயிறும் எயார்லைன்களின்ரை கோடை, மாரி அட்டவணை மாறுற நாள். அதுக்கு முந்தின மாதங்களிலைதான் கனக்க மாத்தங்கள் வந்து விழும். ஆறு ஏழு மாதத்துக்கு முன்னம் மலிவா எடுத்த டிக்கெட் எண்டா மாதத்துக்கு ஒருக்காத் திறந்து பாருங்கோ, கடைசிக் கிழமையிலை இரண்டு நாளைக்கு ஒருக்கா. திரும்பி வாற பயணத்தையும் சேத்துத்தான், அதை ஒருத்தரும் பாக்கிறேல்லை.

மெயிலிலை வாற லிங்க்கை அமத்தாதேங்கோ. ஒண்டு கள்ள மெயிலா இருக்கலாம், மற்றது சில மெயிலிலை அந்த லிங்க்கே அக்செப்ட் பட்டன்தான்.

2. கையிலை எடுத்து வைக்க வேண்டியது

பழைய இ-டிக்கெட் பிடிஎவ், புது நேரம் தெரியிற ஸ்கிரீன்ஷொட், பாஸ்போட், விசாப் பக்கம், ஒரு கொப்பி, பேனை. பழைய பிடிஎவ் முக்கியம், ஏனெண்டா மாத்தம் வந்தாப் பிறகு சைட்டிலை பழைய நேரம் காணாமல் போகும். எவ்வளவு மாறினது எண்டு காட்ட உங்களிட்டை வேறை ஒண்டும் இருக்காது.

டிக்கெட் நம்பரையும் இப்பவே பாருங்கோ. அது 13 இலக்கம், முதல் மூண்டும் எயார்லைனைக் குறிக்கும், ஸ்ரீலங்கனுக்கு 603, கட்டாருக்கு 157, எமிரேட்ஸுக்கு 176. எல்லாப் பிளைட்டுக்கும் ஒரே நம்பர் போட்டிருந்தா ஒரே டிக்கெட். ஒரு டிக்கெட்டிலை நாலு பிளைட்தான் அடங்கும், கூடினா அடுத்த நம்பர் தொடர்ச்சியா வரும், அதுவும் ஒரே டிக்கெட்தான்.

நம்பர் ஒண்டுக்கொண்டு சம்பந்தமில்லாமல் இருந்தா தனித்தனி டிக்கெட். பலாலியிலை இருந்து சென்னைக்கு ஒண்டு, சென்னையிலை இருந்து அங்காலை வேறை ஒண்டு எண்டு மலிவுக்கு ஒட்டி எடுக்கிறது இந்த வகைதான். இதிலை முதல் எயார்லைன் நேரத்தை மாத்தி உங்கடை இரண்டாவது பிளைட் தவறினா அவைக்கு அதிலை பொறுப்பில்லை, அவையின்ரை கணக்கிலை நீங்கள் சென்னைக்கு மட்டும்தான் போறியள். அப்பிடியெண்டா படி 5-இலை சொல்லுற உரிமை உங்களுக்கு அந்த மாறின துண்டுக்கு மட்டும்தான் கிடைக்கும், மற்றதைக் காசு குடுத்துத்தான் மாத்தோணும்.

3. வீட்டு வாசலிலை இருந்து முழுச் சங்கிலியையும் எழுதுங்கோ

மாறின பிளைட்டை மட்டும் பாக்காமல் முழுதையும் வரிசையா எழுதுங்கோ, பழையது ஒரு பக்கம், புதியது ஒரு பக்கம். ஒரு உதாரணத்தைக் கடைசி மட்டும் கொண்டுபோவம். கிளிநொச்சி அம்மா ஒராள், 68 வயது, வீல்செயார் கேட்டிருக்கு, கொழும்பு – டோகா – பாரிஸ், ஜூலை 14, ஒரே டிக்கெட். நேரங்கள் விளங்கிறதுக்காக நான் போட்டவை.

பழையது: கொழும்பு 03:40, டோகா 06:10. டோகா 07:55, பாரிஸ் 13:45.

புதுசா வந்த மெயில்: கொழும்பு 05:10, டோகா 07:40.

இப்ப கிளிநொச்சித் துண்டையும் மேலை சேருங்கோ. வானிலை ஏ9 ஆலை வவுனியா, மதவாச்சி, அனுராதபுரம், பிறகு புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு எண்டு போனா தேத்தண்ணிக்கு நிப்பாட்டுறதோடை ஆறு ஏழு மணித்தியாலம் பிடிக்கும். எயார்போர்ட்டிலை மூண்டு மணித்தியாலத்துக்கு முன்னம் நிக்கோணும். 05:10 பிளைட்டுக்கு விடிய 2 மணிக்கு அங்கை நிக்கிறதெண்டா 13ம் திகதி பின்னேரம் 7 மணிக்கு வீட்டை விட்டு வெளிக்கிடோணும்.

திகதியைக் கவனியுங்கோ, 13. டிக்கெட்டிலை ஜூலை 14 எண்டு இருந்தாலும் நீங்கள் வெளிக்கிடுறது 13. இதிலைதான் ஆக்கள் ஒரு முழுநாள் பிந்திப் போய் நிக்கிறது. 00:35 எண்டு போட்ட பிளைட் அந்தத் திகதியின்ரை இரவு இல்லை, முந்தின நாள் சாமம். நேரம் மாறேக்கை நள்ளிரவுக்கு இங்காலை இருந்த பிளைட் அங்காலை போகும், இல்லாட்டி அங்காலை இருந்தது இங்காலை வரும், ஒரு மணித்தியாலம்தான் மாறினது மாதிரித் தெரியும் ஆனா திகதியே மாறிப் போயிருக்கும். வான்காரருக்குத் திகதியும் கிழமையும் சேத்துச் சொல்லுங்கோ, "14 இரவு" எண்டு மட்டும் சொல்லாதேங்கோ.

4. இடையிலை எவ்வளவு நேரம் இருக்கு எண்டு கழியுங்கோ

டோகாவிலை இறங்கிறதும் ஏறுறதும் இரண்டுமே டோகா நேரத்திலைதான் போட்டிருக்கும், அதாலை நேரடியாக் கழிச்சாக் காணும். இலங்கை நேரம் டோகாவை விட இரண்டரை மணித்தியாலம் கூட எண்டதை இதுக்குள்ளை கொண்டுவந்தாக் கணக்குப் பிழைக்கும்.

பழையது: 07:55-இலை 06:10-ஐக் கழிச்சா 1 மணித்தியாலம் 45 நிமிசம். புதியது: 07:55-இலை 07:40 போக 15 நிமிசம். இது அறுந்து போச்சு. மெயில் இதைச் சொல்லவே சொல்லாது, அதுக்குக் கொழும்பு பிளைட் மாறினது மட்டும்தான் தெரியும்.

15 நிமிசம் எண்டா ஆருக்கும் விளங்கும். பிரச்சினை 50 நிமிசம், 60 நிமிசம் எண்டு வரேக்கைதான். ஒவ்வொரு எயார்போர்ட்டுக்கும் ஆகக் குறைஞ்ச மாறுற நேரம் எண்டு ஒண்டு வைச்சிருக்கினம், ஏஜென்சிக்காரர் அதை எம்சிடி எண்டு சொல்லுவினம். அதுக்குக் கீழை எண்டா எயார்லைன் தானாவே வேறை பிளைட் தரோணும். ஆனா சிஸ்டம் அதைக் கண்டுபிடிச்சுத் திருத்த நாள் கணக்கா எடுக்கும், அதுவரைக்கும் புக்கிங் இரண்டு பிளைட்டையும் ஒண்டும் நடக்காத மாதிரிக் காட்டிக்கொண்டு இருக்கும். சைட்டிலை கன்போம் எண்டு இருக்கிறதை நம்பி விடாதேங்கோ.

எம்சிடிக்கு மேலை இருந்தாலும் அது நடக்கக்கூடிய ஆளுக்கான கணக்கு. பிளைட் தரை தொட்டுக் கதவு திறக்கவும் ஆக்கள் இறங்கவும் நேரம் போகும், வீல்செயார் கேட்ட ஆக்களைக் கடைசியாத்தான் இறக்குவினம், பிறகு திரும்பப் பை ஸ்கானிங், அடுத்த பிளைட்டின்ரை கேற்றையும் வெளிக்கிடுற நேரத்துக்கு 15, 20 நிமிசத்துக்கு முன்னமே மூடிப்போடுவினம். டிக்கெட்டிலை 60 நிமிசம் எண்டா அம்மான்ரை கையிலை உண்மையா இருக்கிறது 20 நிமிசம்கூட இல்லை. என்னைக் கேட்டா தனியப் போற வயது போன ஆளுக்கு ஒண்டரை மணித்தியாலத்துக்குக் கீழை ஏற்கமாட்டன், இங்கிலீஷ் கதைக்கத் தெரியாதெண்டா இரண்டு.

இன்னும் ஒண்டு, எயார்போர்ட் பேரையும் பாருங்கோ. நேரம் சரியா இருக்கும், இடம் மாறியிருக்கும். இஸ்தான்புல், லண்டன், பாரிஸ் எல்லாத்திலையும் ஒண்டுக்கு மேலை எயார்போர்ட் இருக்கு, மூண்டெழுத்துக் கோட் வேறையா இருந்தா வெளியிலை வந்து ரோட்டாலை போகோணும், அதுக்கு விசாவும் வேணும்.

5. அக்செப்ட் அமத்த முன்னம் வேறை பிளைட் தேடுங்கோ

அமத்தினா நீங்கள் புது நேரத்துக்குச் சம்மதிச்ச மாதிரி. அதுக்குப் பிறகு "இது சரிவராது" எண்டு போனா, சாதாரணமா நீங்களா மாத்துற மாதிரிக் காசு கேக்கலாம். அமத்தாமல் இருக்கேக்கைதான் காசில்லாமல் மாத்தித் தாற இடம் திறந்திருக்கு, மாத்தினது அவைதானே.

எங்கடை உதாரணத்திலை எயார்லைன் இரண்டு நாள் கழிச்சுத் தானா ஒண்டைப் போட்டுது எண்டு வையுங்கோ: கொழும்பு 05:10, டோகா 07:40, பிறகு டோகா 15:30, பாரிஸ் 21:20. டோகாவிலை 7 மணித்தியாலம் 50 நிமிசம் காத்திருக்கோணும். சிஸ்டம் தாறது எப்பவும் இப்பிடித்தான், மாறின பிளைட்டை அப்பிடியே வைச்சுக்கொண்டு அடுத்ததைப் பின்னுக்குத் தள்ளும்.

நீங்கள் மற்றப் பக்கத்தாலை பாருங்கோ. பாரிஸ் பிளைட் 15:30 எண்டு போயிட்டுதெண்டா 05:10-க்கு ஏன் ஏறோணும்? அதே எயார்லைனை அதே நாளுக்குப் புது டிக்கெட் வாங்கிற மாதிரிச் சைட்டிலை தேடுங்கோ (வாங்காதேங்கோ, பாக்க மட்டும்). கொழும்பு 10:20, டோகா 12:50 எண்டு ஒரு பிளைட் இருந்தா டோகாவிலை காத்திருக்கிறது 2 மணித்தியாலம் 40 நிமிசம், பாரிஸ் அதே 21:20. கிளிநொச்சியிலை இருந்து 13 முடிஞ்சு 14 தொடங்கிற சாமம் 12 மணி போல வெளிக்கிட்டா விடிய 7-க்கு எயார்போர்ட்.

மற்ற வழி முந்தின நாள் இரவு பிளைட். கொழும்பு 13ம் திகதி 20:15, டோகா 22:45, பழைய 07:55 பிளைட்டே ஏறலாம், பாரிஸ் 13:45. ஆனா இரவு முழுக்க 9 மணித்தியாலத்துக்கு மேலை கதிரையிலை. நீண்ட ட்ரான்சிட்டுக்குச் சில எயார்லைன் ஹோட்டல் தரும், கேட்டாத்தான் தரும், அதை மாத்த முன்னம் கேளுங்கோ.

எதை எடுக்கிறது? பகலிலை பாரிஸ் இறங்கித்தான் ஆகோணும், மகன் லியோனிலை இருக்கிறார், பின்னேர ரெயில் பிடிக்கோணும் எண்டா முந்தின நாள் பிளைட். மகன் பாரிஸிலையே இருந்து காரோடை வருவார் எண்டா 10:20-தான், யோசிக்கவே தேவையில்லை. எயார்லைன் தந்த 05:10 இந்த இரண்டிலையும் எதுக்கும் நல்லதில்லை, ஆனா கன பேர் அதைத்தான் அமத்துவினம்.

கண்டுபிடிச்சதும் பிளைட் நம்பரோடை கேளுங்கோ. "வேறை ஏதும் பிளைட் இருக்கா" எண்டு கேட்டா "இல்லை" எண்டுதான் பதில் வரும். ஏஜென்சிக்கு வட்ஸ்அப்பிலை இப்பிடி எழுதலாம்:

"அண்ணை, அம்மான்ரை டிக்கெட்டிலை எயார்லைன் நேரம் மாத்தினதாலை டோகாவிலை 15 நிமிசம்தான் வருது, பிடிக்க ஏலாது. புதுசாப் போட்டதை இன்னும் ஏற்காதேங்கோ. 14ம் திகதி 10:20 பிளைட்டிலை கொழும்பு – டோகா, பிறகு 15:30 பாரிஸ், எயார்லைன் மாத்தினபடியா மேலதிகக் காசில்லாமல் மாத்தித் தரச் சொல்லிக் கேளுங்கோ."

ஏஜென்சியிலை எடுத்த டிக்கெட்டை எயார்லைன் நேரை தொட மறுக்கலாம், "எடுத்த இடத்திலை கேளுங்கோ" எண்டுவினம். அதாலை முதல் ஏஜென்சி. காசு திரும்பக் கேட்டாலும் அது ஏஜென்சியாலைதான் வரும்.

6. விசா பாக்காமல் ஓம் எண்டு சொல்லாதேங்கோ

இரண்டு விசயம். முதலாவது, விசா தொடங்கிற திகதி. செங்கன் விசா 14 எண்டு தொடங்கினா 13ம் திகதி அங்கை போய் இறங்க ஏலாது. மேலை சொன்ன முந்தின நாள் பிளைட்டிலை கொழும்பாலை 13-இலை வெளிக்கிட்டாலும் பாரிஸ் இறங்கிறது 14, பிரச்சினை இல்லை. எண்ணுறது இறங்கிற திகதியைத்தான்.

இரண்டாவது, எயார்லைன் பாதையை மாத்தினா. டோகா வழியாப் போன ஆளை ஃபிராங்க்ஃபர்ட் வழியாப் போட்டிருந்தா நில்லுங்கோ. செங்கன் நாட்டு எயார்போர்ட்டிலை வெளியிலை வராமல் பிளைட் மாறுறதுக்கே ட்ரான்சிட் விசா கேக்கிற நாடுகளின்ரை பொதுப் பட்டியலிலை இலங்கையும் இருக்கு. செங்கன் விசா வைச்சிருக்கிற ஆளுக்கு அது தேவையில்லை, கனடா, அமெரிக்க விசா இருக்கிற ஆக்களுக்கும் விலக்கு இருக்கு. லண்டனுக்குப் போற ஆள், கையிலை பிரிட்டிஷ் விசா மட்டும்தான் எண்டா அந்தப் பாதையை ஏற்க முன்னம் அந்த நாட்டுத் தூதரகச் சைட்டைப் பாத்தே ஆகோணும், கொழும்பு கவுண்டரிலையே திருப்பி அனுப்பிப்போடுவினம்.

7. ஒண்டும் சரிவராட்டி காசு

இதிலை எங்கை இருந்து வெளிக்கிடுறியள் எண்டதைப் பொறுத்து உரிமை மாறும். கொழும்பாலை வளைகுடா எயார்லைனிலை ஐரோப்பாவுக்குப் போகேக்கை ஐரோப்பியச் சட்டம் பிடிக்காது, எயார்லைன்ரை சொந்த விதிதான். எத்தினை மணித்தியாலம் மாறினாக் காசு திருப்பித் தருவினம் எண்டது எயார்லைனுக்கு எயார்லைன் வேறை, ஆனா ட்ரான்சிட் அறுந்து போனது எண்டா உங்கடை பக்கம் நியாயம் கனக்க.

பாரிஸிலை இருந்து திரும்பி வரேக்கை எந்த எயார்லைனா இருந்தாலும் ஐரோப்பிய 261 சட்டம் பிடிக்கும். அங்கை பிளைட்டை ஒரு மணித்தியாலத்துக்கு மேலை முன்னுக்குக் கொண்டுவந்தா அதை ரத்துச் செய்த மாதிரி எடுக்கோணும் எண்டு 2021 டிசம்பரிலை ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லியிருக்கு. ரத்து எண்டா காசோ வேறை பிளைட்டோ நீங்கள் தெரியலாம். 14 நாளுக்குக் குறைவா இருக்கேக்கை அறிவிச்சா நட்டஈடும் கேட்டுப் பாக்கலாம். அமெரிக்காவுக்குப் போற வாற பிளைட்டுக்கு, சர்வதேசப் பயணம் 6 மணித்தியாலம் அல்லது அதுக்கு மேலை மாறி நீங்களும் ஏற்காமல் விட்டா காசைத் திருப்பித் தரோணும் எண்டு அங்கத்தைப் போக்குவரத்துத் திணைக்களம் 2024-இலை விதி கொண்டுவந்தது.

காசை எடுக்க முன்னம் இண்டைக்குப் புது டிக்கெட் என்ன விலை எண்டு பாருங்கோ. ஆறு மாதத்துக்கு முந்தின விலை திரும்பி வந்தா அதுக்கு இப்ப டிக்கெட் கிடைக்காது, கோடை லீவு நேரத்திலை சொல்லவே வேண்டாம்.

8. இப்ப அக்செப்ட், பிறகு புது டிக்கெட் வந்ததா எண்டு பாருங்கோ

சரியான பிளைட் போட்டாப் பிறகு அமத்தலாம், இல்லாட்டி ஏஜென்சிக்கு ஓம் எண்டு சொல்லலாம். ஆனா புக்கிங் மாறினது வேறை, டிக்கெட் மாறினது வேறை. ஏஜென்சின்ரை ஸ்கிரீனிலை பழைய பிளைட் UN எண்டும் புதியது TK எண்டும் நிக்கும், ஏஜென்சி அதை ஏற்று HK, அதாவது உறுதி எண்டு ஆக்கோணும், அதோடை டிக்கெட்டையும் புதுப்பிக்கோணும். இரண்டாவதை மறந்தா சைட்டிலை புது நேரம் வடிவாத் தெரியும், கவுண்டரிலை "டிக்கெட் இல்லை" எண்டுவினம்.

"எல்லாத் துண்டும் HK-யா, டிக்கெட் திரும்ப அடிச்சாச்சா, புது பிடிஎவ் அனுப்புங்கோ" எண்டு கேளுங்கோ. வந்த பிடிஎவ்வை எடுத்துப் படி 3-இலை எழுதின கொப்பியோடை ஒப்பிடுங்கோ, வாய்ச்சொல்லை நம்பாதேங்கோ.

டிக்கெட் திரும்ப அடிக்கேக்கை வீல்செயார், சைவச் சாப்பாடு, காசு குடுத்து எடுத்த சீற் இதுகள் விழுந்து போறது சாதாரணம். ஒவ்வொரு பிளைட்டுக்கும் தனித்தனியா இருக்கா எண்டு பாருங்கோ, கொழும்பு – டோகாவுக்கு வீல்செயார் இருக்கும், டோகா – பாரிஸுக்கு இருக்காது.

கவுண்டரிலை பையைக் குடுக்கேக்கை தாற துண்டிலை கடைசி இடத்தின்ரை கோட் அடிச்சிருக்கோணும், பாரிஸ் எண்டா CDG. அதுவும் இரண்டாவது போர்டிங் பாஸும் கைக்கு வந்தாப் பிறகுதான் வான்காரரைத் திரும்பிப் போகச் சொல்லுங்கோ.